அழுத்தினால் இறங்குகிறது, சோப்பு மட்டும் வரவில்லை

ஹேண்ட்வாஷ் பாட்டிலின் பம்ப் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் செய்வது அதை இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடிப்பதுதான். நான்கு அடியில் வராதது நாற்பது அடியிலும் வராது. பதிலாக ஒரே ஒரு முறை, மெதுவாக, அது எப்படி இறங்குகிறது, எப்படி ஏறுகிறது என்று கவனித்து அழுத்திப் பாருங்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டு வாஷ்பேசின் பாட்டிலில் மூன்று கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டதால் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கையால் அழுத்தும் தலை, அதோடு சேர்ந்த ஒரு தண்டு, தண்டின் கீழ்முனையில் பிஸ்டன். இந்தப் பிஸ்டன் ஒரு விரல் அளவு பிளாஸ்டிக் உருளைக்குள் ஏறி இறங்கும், அதை மேலே தள்ள ஒரு ஸ்பிரிங். உருளையின் அடியில் மிளகைவிடக் குட்டியாக ஒரு குண்டு இருக்கும், கண்ணாடியாகவோ எஃகாகவோ (சில பம்புகளில் குண்டுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் வால்வு). அதற்கும் கீழே பாட்டில் அடிவரை தொங்கும் டியூப். நாம் அழுத்தும்போது உருளைக்குள் இருக்கும் சோப்பு தண்டு வழியாக மேலே ஏறி மூக்கு வழியாக வெளியே வருகிறது, அந்த அழுத்தத்தில் குண்டு கீழே உட்கார்ந்து டியூப்பை அடைத்துக்கொள்கிறது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தூக்க, குண்டு எழும்பி வழிவிட, டியூப்பிலிருந்து புதுச் சோப்பு உருளைக்குள் வருகிறது. தெருமுனையில் இருக்கும் அடிபம்பின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, நாம் அழுத்தும்போது வருவது ஏற்கெனவே உருளைக்குள் வந்து உட்கார்ந்த சோப்பு. கீழேயிருந்து உறிஞ்சும் வேலை நடப்பது தலை மேலே ஏறும்போது. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

தலை இறங்கவே மறுத்தால், அல்லது கட்டை விரல் வலிக்கும் அளவு கனமாக இறங்கினால், உருளைக்குள் சோப்பு இருக்கிறது, வெளியே போக வழியில்லை என்று பொருள். அடைப்பு மூக்கிலோ தண்டிலோ இருக்கும். (புது பாட்டில் என்றால் தலை பூட்டியிருக்கலாம். தலையில் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கம் திருகிப் பாருங்கள். இதற்காகவே குப்பைக்குப் போன பாட்டில்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.) இறங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டால், அல்லது நோயாளி எழுந்திருப்பது மாதிரி மெல்ல ஏறினால், ஸ்பிரிங் இழுக்கிறது, கீழேயிருந்து எதுவும் வரவில்லை. டியூப் அடைத்திருக்கும், சோப்பு ரொம்பக் கெட்டியாக இருக்கும், அல்லது பாட்டிலுக்குள் காற்று நுழைய வழி இருக்காது. மூன்றாவது வகையில் தலை லேசாக, டக் டக்கென்று இறங்கி ஏறும், புஸ் என்ற சத்தம்கூட வரும், சோப்பு மட்டும் வராது. உருளைக்குள் வெறும் காற்று போய்வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பாட்டிலில் இருந்தது இரண்டாவது வகை. காரணம் பெரியம்மா. அவர் எதையும் வீணாக்க மாட்டார். குளியல் சோப்பு தேய்ந்து வில்லையாகிப்போனால் அதை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார், டப்பா நிறைந்ததும் துருவி, வெந்நீரில் கரைத்து, காலியான ஹேண்ட்வாஷ் பாட்டிலில் ஊற்றி வைப்பார். ஊற்றும்போது பார்த்தால் பால் மாதிரி ஓடும், பம்பும் அழகாக வேலை செய்யும். மறுநாள் காலையில் தலை இறங்கி அப்படியே நிற்கும்.

இதில் பெரியம்மா மேல் தவறில்லை, சோப்பின் குணம் அப்படி. கட்டி சோப்பு என்பது பெரும்பாலும் பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்புகளின் சோடியம் உப்பு. வெந்நீரில் நன்றாகக் கரையும், ஆறியதும் அதற்குள் இருக்கும் கெட்டிக் கொழுப்பின் பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கூழாக உறைந்துவிடும். தண்ணீர் அதிகமாகச் சேர்த்தாலும் ஒருவிதமான இழைபோடும் கொழகொழப்பு மிஞ்சும். கடையில் விற்கும் ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் இந்த வகை சோப்பே கிடையாது. பாட்டிலின் பின்பக்கம் பார்த்தால் சோடியம் லாரெத் சல்ஃபேட் என்று இருக்கும், அது ஆறினாலும் உறையாது. ஆக, ஒன்றுக்காகச் செய்த பம்பில் இன்னொன்றை ஊற்றியிருக்கிறோம்.

சரி, பிரித்துப் பார்த்த கதைக்கு வருகிறேன். முதலில் பம்பை மட்டும் கழற்றி எடுத்து, ஒரு சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, டியூப் மூழ்கும்படி பிடித்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். எந்தப் பம்ப் நின்றாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். தண்ணீரை ஒழுங்காக இறைத்தால் பம்பில் குறையில்லை, சோப்பிலோ பாட்டிலிலோதான் குறை. தண்ணீரையே இறைக்கவில்லை என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். எங்களுடையது தண்ணீரையும் இறைக்கவில்லை.

அடுத்தது டியூப்பைப் பிடுங்கினேன். அது உருளையின் அடியில் வெறுமனே செருகித்தான் இருக்கும், லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். டியூப் இல்லாமல் உருளையை மட்டும் தண்ணீரில் மூழ்க வைத்து மறுபடி அடித்துப் பார்த்தால் அடைப்பு டியூப்பிலா, உருளையிலா என்பது பிரிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது டியூப்பின் கீழ்ப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக, மெழுகு ஊற்றி வைத்தது போல நிறைந்திருந்தது. ஊதினால் நகரவில்லை. இந்த இடத்தில் பலர் ஊசி, கம்பி என்று தேடுவார்கள். கம்பி டியூப்பைக் குத்திக் கிழித்துவிடும், குத்துப்பட்ட டியூப் அப்புறம் பக்கவாட்டில் காற்றை இழுக்கும். எங்கள் வீட்டில் இருந்த சரியான ஆயுதம் தென்னை விளக்குமாற்றின் ஈர்க்குச்சி. நல்ல நீளம், வளையும், நுனி மெலிசு, பிளாஸ்டிக்கைக் கீறாது. பருமனான முனையை உள்ளே விட வேண்டாம், மாட்டிக்கொள்ளும்.

ஆனால் குத்துவதற்கு முன் ஊற வைக்க வேண்டும். காய்ந்த கூழை அப்படியே குத்தினால் நடுவில் ஒரு துளை விழும், சுவரோடு ஒட்டியது அப்படியே இருக்கும், இரண்டு நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான தண்ணீரில் டியூப்பையும் பம்பையும் கால் மணி நேரம் போட்டு வைத்தேன். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், டியூப் துவண்டு வளைந்துவிடும். பாட்டிலுக்குள் வெந்நீர் ஊற்றவே கூடாது, அந்த வகைப் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிப்போகும். ஊறியபின் ஈர்க்குச்சியால் ஒரு தடவை தள்ளி, ஊசி இல்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து டியூப்பின் ஒரு முனையில் வைத்து அழுத்தினேன். வெள்ளையாக ஒரு புழு மாதிரி வெளியே வந்து விழுந்தது. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பத்து மில்லி சிரிஞ்ச் இந்த வேலைக்கு வாயால் ஊதுவதைவிட எவ்வளவோ மேல், வாயில் சோப்புச் சுவையும் மிஞ்சாது.

இதற்கு நடுவில் தம்பி வந்து, “அண்ணா, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, வினிகர்ல போட்டு வை, தானா கரைஞ்சிடும்” என்றான். வீட்டு வைத்தியம் சொல்லும் எல்லோரும் சொல்வது இது. நல்லவேளை, முழுவதையும் போடுவதற்கு முன் அந்தச் சோப்புக் கரைசலில் ஒரு ஸ்பூன் எடுத்து, கிளாஸில் இருந்த வினிகரில் விட்டுப் பார்த்தோம். உடனே தயிர் திரிவது போலத் திரிந்து, வெள்ளைச் செதில்களாக மேலே மிதந்தது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று, மெழுகு மாதிரி. அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து, அது எந்தக் கொழுப்பிலிருந்து வந்ததோ அந்தக் கொழுப்பு அமிலமாகத் திரும்பிவிடுகிறது. அது தண்ணீரில் கரையாது. டியூப்பில் இருந்த கூழ் வெந்நீருக்காவது மசியும், இது அதற்கும் மசியாது. ஆகவே சோப்பு அடைப்புக்கு வெந்நீர்தான், வினிகர் வேண்டாம்.

வினிகருக்கு வேலை இல்லாமல் இல்லை. நாங்கள் இருக்கும் தாம்பரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், பக்கெட் ஓரத்தில் வெள்ளைக் காரை படியும். அந்தத் தண்ணீரில் கட்டி சோப்பைக் கரைத்தால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்கு ஒன்று உண்டாகும், பாத்ரூம் சுவரில் படிவது இதே பிசுக்குதான். பம்பின் மூக்கு ஓரத்திலும் தண்டைச் சுற்றியும் படிந்து காய்ந்திருந்தது. இது வெந்நீருக்குக் கரையவில்லை. சோப்பை முழுக்க அலசி எடுத்தபின் மூக்கை மட்டும் கொஞ்ச நேரம் வினிகரில் வைத்து, அப்புறம் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டும் வெந்நீரும் விட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் போனது. வரிசை முக்கியம்: முதலில் வெந்நீர், பிறகுதான் வினிகர், கடைசியில் அந்த மெழுகை எடுக்கப் பாத்திரம் துலக்கும் திரவம்.

டியூப்பை மாட்டி மறுபடி சொம்பில் வைத்து அடித்தேன். இப்போது நோய் மாறியிருந்தது. தலை லேசாக, டக் டக்கென்று ஏறி இறங்கியது, தண்ணீர் வரவில்லை. இது காற்று. காற்று எப்படி நுழைகிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. பம்பை வெளியே எடுத்து, டியூப்பின் அடி முனையை ஈர விரலால் இறுக மூடிக்கொண்டு தலையை அழுத்தி விடுங்கள். விரலை உள்ளே இழுப்பது போல உணர்ந்து, தலையும் தயங்கித் தயங்கி ஏறினால் உறிஞ்சும் சக்தி நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால் போதும். விரலில் ஒன்றுமே தெரியாமல் தலை துள்ளி எழுந்தால் வேறு எங்கிருந்தோ காற்று வருகிறது: டியூப் சரியாகச் செருகவில்லை, டியூப்பில் கீறல், அல்லது பிஸ்டன் ஓரம் தேய்ந்து மூக்கு வழியாகவே காற்று திரும்பி வருகிறது.

எங்களுடையதில் விரல் லேசாக இழுபட்டது, போதுமான அளவு இல்லை. பிடுங்கி எடுத்ததில் டியூப்பின் வாய் சற்று விரிந்திருந்தது. மேல் முனையை ஒரு நகக்கண் அளவு வெட்டிவிட்டு, வெந்நீரில் முக்கி இளகவைத்து, சூடாக இருக்கும்போதே நன்றாக உள்ளே தள்ளிச் செருகினேன். அத்தோடு பம்பைக் காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்தேன். உள்ளே ஈரம் இல்லாதபோது குண்டு ‘டிக் டிக்’ என்று ஆட வேண்டும். ஆடவில்லை. பழைய சோப்பு அதை இருக்கையோடு ஒட்டி வைத்திருந்தது. ஒட்டிய குண்டு வழிவிடாது, பாதி ஒட்டிய குண்டு சரியாக மூடவும் மூடாது. அதற்கு உருளையைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. டியூப்பை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் துளை வழியாகச் சிரிஞ்சால் வெந்நீரை மேல்நோக்கி அடித்தால் குண்டு விடுபட்டுவிடும். அப்படியும் ஆடவில்லை என்றால் மட்டும் பிரிக்கலாம், ஒரு தட்டின் மேல் வைத்துப் பிரியுங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் உருண்டு வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டால் அந்தப் பம்புக்கு அத்தோடு கணக்கு முடிந்தது.

இனி காற்றை வெளியேற்றும் வேலை. அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம் இல்லையா, அதே யுக்திதான். காற்று விரியும், சுருங்கும். வெறும் உருளைக்குள் ஒரு மில்லி, இரண்டு மில்லி காற்று இருந்தால் பிஸ்டன் ஏறும்போது அந்தக் காற்று சற்று விரிகிறதே தவிர, கெட்டியான சோப்பை டியூப் முழுக்க இழுத்து ஏற்றும் அளவுக்கு உறிஞ்சல் உண்டாவதில்லை. தண்ணீரோ லேசானது, எளிதில் ஏறிவிடும். அதனால் முதலில் சொம்பு வெந்நீரில் வைத்து மூக்கிலிருந்து தண்ணீர் தொடர்ச்சியாக வரும்வரை அடித்துக்கொண்டேன். உருளையும் டியூப்பும் தண்ணீரால் நிறைந்த நிலையிலேயே எடுத்து, அடி முனையை விரலால் மூடியபடி பாட்டிலின் வாய்வரை கொண்டுபோய், விரலை எடுத்த கையோடு உள்ளே இறக்கித் திருகினேன். முதல் சில அடிகளில் தண்ணீர், பிறகு தண்ணீரும் சோப்புமாக, அப்புறம் சோப்பு.

சொம்புத் தண்ணீரே ஏறாமல் அடம்பிடித்தால் இன்னொரு வழி இருக்கிறது, இதை நான் முதலில் நம்பவில்லை. தலையை முழுக்க அழுத்துங்கள், அழுத்தியபடியே மூக்கு ஓட்டையை ஈர விரலால் மூடுங்கள், மூடியபடியே தலையை மெதுவாக மேலே வரவிடுங்கள், மேலே வந்ததும் விரலை எடுத்து மறுபடி அழுத்துங்கள். தேய்ந்த பம்பில் தலை ஏறும்போது மூக்கு வழியாகக் காற்று உள்ளே நுழைவதுதான் பாதிப் பிரச்சினை. அந்த வழியை நீங்கள் விரலால் அடைத்துவிட்டால் அது கீழேயிருந்துதான் இழுத்தாக வேண்டும். அவசரப்படக் கூடாது. தலை தானாக மேலே வந்து சேரும்வரை விட வேண்டும். வேகமாக அடித்தால் கெட்டிச் சோப்பு ஏறுவதற்குள் அடுத்த அடி விழுந்து காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியானது என்று வாஷ்பேசினில் வைத்த பிறகு மறுநாள் பாட்டிலின் இடுப்பு உள்ளே ஒடுங்கி நின்றது, தலையும் சோம்பலாக ஏறியது. பெரியம்மா பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இதுக்கு அப்பவே புதுசு வாங்கியிருக்கலாம்ல” என்றார். இது மூன்றாவது கோளாறு, இருப்பதிலேயே எளிதானது. பாட்டிலிலிருந்து சோப்பு வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக உருளையின் மேல்பகுதியில், மூடிக்குச் சற்றுக் கீழே, குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினால் சோப்பு அந்தத் துளையில் ஏறிக் காய்ந்து அடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் மூடியை அரைச் சுற்று தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பாட்டில் பழைய வடிவத்துக்கு வந்து, பம்பும் ஒழுங்காக அடித்தால் இதுதான் காரணம். துளையை ஈர ஈர்க்குச்சி நுனியால் துடைத்துவிட்டு, இனிமேல் பாட்டிலின் தோள்பட்டை வரை மட்டும் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டோம்.

பெரியம்மாவின் சோப்புக் கரைசல் இப்போது தரை துடைக்கவும் கால்மிதியைத் துவைக்கவும் போகிறது, அதற்கு அது நன்றாகவே இருக்கிறது. பம்பில் கடை ஹேண்ட்வாஷ்தான். ரீஃபில் பாக்கெட்டில் வருவது சிலது ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் கலக்கிறேன், அதுவும் போர் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர். அதற்குமேல் நீர்க்க வைப்பதில்லை. தண்ணீர் கூடக் கூட உள்ளே போட்டிருக்கும் கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப்போய், சில வாரங்களில் வாடை அடிக்க ஆரம்பிக்கும். கலந்தால் கொஞ்சமாகக் கலந்து சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

நுரையாகவே வரும் பம்ப் வேறு ஜாதி. அதில் காற்றுக்குத் தனி அறை, மூக்கருகே சல்லடை மாதிரி மெல்லிய வலை. அதில் சாதாரண ஹேண்ட்வாஷை அப்படியே ஊற்றினால் வலை அடைத்துத் தலை இறங்காது. ஒரு பங்கு சோப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் அளவுக்கு நீர்க்க இருந்தால்தான் அது வேலை செய்யும். அடைத்துவிட்டால் வெந்நீரில் வைத்து வெறும் தண்ணீரையே அடித்து அலசுங்கள், ஈர்க்குச்சியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், வலை கிழியும்.

எதற்கும் ஒரு எல்லை உண்டு. அடிக்கும்போது தண்டைச் சுற்றி மூடி மேலேயே சோப்பு கசிந்தாலோ, ஸ்பிரிங் துருப்பிடித்துப் பழுப்புத் தண்ணீர் வந்தாலோ நான் நேரம் செலவழிப்பதில்லை, காலியான வேறு பாட்டிலின் பம்பை எடுத்து மாட்டிவிடுகிறேன். வாய் அளவு எல்லாப் பாட்டிலுக்கும் ஒன்றல்ல, புரி பொருந்துகிறதா என்று மூடியைத் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். டியூப் நீளமாக இருந்தால் அடியில் மடங்கி, வாய் பாட்டிலின் தரையோடு ஒட்டி உறிஞ்சலை அடைத்துவிடும், அப்போது புதுப் பம்பும் பழையது போலவே நின்றுவிடும். அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அளந்து, நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி மாட்டுங்கள்.